மூன்று லட்சம் போதுமா? மாவுக் கடைக்கு முன் ஒரு கணக்கு

இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சு எழாத தெரு தமிழ்நாட்டில் குறைவு. கைப்பக்குவம் வீட்டிலேயே இருக்கிறது, தினமும் தேவைப்படும் பொருள், பெரிய படிப்பும் வேண்டாம். அதனால்தான் முதிர்ந்து வந்த டெபாசிட், சீட்டு எடுத்த பணம், பணி ஓய்வில் கிடைத்த தொகை என்று பல வருடச் சேமிப்பு இந்த மாதிரி யோசனைகளுக்குள் சட்டென்று போய்விடுகிறது. போட்ட பிறகு போடுகிற கணக்கைப் போடுவதற்கு முன்னாலேயே போட முடியும் என்பதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரைக்கு மாவு வியாபாரத்தை எடுத்துக்கொண்டேன். விலைகளும் வாடகையும் மாதிரிக்காக வைத்தவை. உங்கள் ஊர் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது.

ஒரு நடுத்தர ஊரில் ஒரு பெண்மணி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 3 லட்சம் ரூபாய். அவர் மனக்கணக்கு இப்படிப் போகிறது: “ஒரு கிலோ பாக்கெட் கடையில் 45 ரூபாய். அரிசி, உளுந்துக்கு 25 ரூபாய் ஆகும். மிச்சம் 20. தினம் 100 பாக்கெட் போனால் 2,000 ரூபாய், மாதம் 60,000.” இந்தக் கணக்கில் 25 என்ற எண் மட்டும்தான் ஏறக்குறைய சரி.

அந்த 25 எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். 4 கிலோ இட்லி அரிசி கிலோ 42 வீதம் 168 ரூபாய். 1 கிலோ உளுந்து 125. வெந்தயம், உப்பு 7. மொத்தம் 300 ரூபாய். இதை அரைத்தால் 12 கிலோ மாவு வருகிறது என்று வைத்தால் கிலோவுக்கு 25 ரூபாய் விழுகிறது. ஆனால் அந்த 12 என்பதை யாரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளக் கூடாது, தராசில் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். புது உளுந்து நன்றாகக் காணும், பழைய உளுந்து காணாது. அதே 300 ரூபாய்ச் சரக்கில் 12-க்குப் பதில் 11 கிலோதான் கண்டது என்றால், கிலோவுக்கு அடக்கம் 27 ரூபாயைத் தாண்டிவிடும். தண்ணீரைக் கூட்டி ஈடுகட்டலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் இட்லி தட்டையாக வரும், வாங்கியவர் அடுத்த வாரம் வேறு பாக்கெட்டுக்குப் போய்விடுவார். ஆகவே வெவ்வேறு கடைகளில் வாங்கிய உளுந்தை ஒவ்வொரு முறையும் எடை போட்டு அரைத்து, வந்த மாவையும் எடை போட்டு, ஒரு நோட்டில் எழுதிவைப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் செலவு. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

25 ரூபாயோடு கவரும் ஸ்டிக்கரும் 2 ரூபாய், அரைக்கும் மின்சாரமும் தண்ணீரும் 1 ரூபாய். ஆக ஒரு பாக்கெட்டின் அடக்கம் 28. இந்த 28 ரூபாய், பாக்கெட் கூடினால் கூடும், குறைந்தால் குறையும்.

அடுத்தது விற்கும் விலை. 45 என்பது கடைக்காரர் வாங்குகிற விலை இல்லை, விற்கிற விலை. அவருக்குப் பாக்கெட்டுக்கு 7 ரூபாய் நிற்க வேண்டும் என்றால் நமக்குக் கிடைப்பது 38. அடக்கம் 28 போக மிச்சம் 10 ரூபாய். மனக்கணக்கில் இருந்த 20, இங்கேயே பாதியாகிவிட்டது.

அந்தப் பத்து ரூபாயும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. மாவு புளிக்கும் பொருள். விற்காத பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார், அதற்குப் பணம் தரமாட்டார். 100 பாக்கெட் போட்டு 5 திரும்பி வந்தால் வெறும் 5 சதவீதம்தானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். 95 பாக்கெட்டுக்கு 38 வீதம் வரவு 3,610 ரூபாய். செலவு 100 பாக்கெட்டுக்கும் ஆயிற்று, 2,800 ரூபாய். மிச்சம் 810. அதாவது அரைத்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நிற்பது 10 ரூபாய் இல்லை, 8 ரூபாய் 10 பைசா. திரும்பி வந்தது நூற்றுக்கு ஐந்து, போனதோ மிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பத்து பாக்கெட் திரும்பினால் நிற்பது 6 ரூபாய் 20 பைசாதான். சித்திரை, வைகாசி வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கி, கவர் உப்பி, கடைக்காரர் பத்து மணிக்கே போன் செய்கிற நாட்கள் வரும். குளிர்பெட்டி இல்லாத சின்னக் கடைகளில் அந்த மாதங்களில் ரிட்டன் கூடத்தான் செய்யும்.

இப்போது மாதச் செலவுக்கு வருவோம். ஒரு பாக்கெட் கூட விற்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டியவை இவை. இடத்துக்கு வாடகை 8,000. உதவிக்கு ஒரு ஆள், சம்பளம் 10,000. வண்டிக்குப் பெட்ரோலும் பராமரிப்பும் 3,000. கிரைண்டர் கல் கொத்துவது, பெல்ட் மாற்றுவது, மோட்டார் பழுது என்று எடுத்து வைக்க 1,500. சுத்தம் செய்யும் பொருட்களும் சில்லறைச் செலவும் 1,500. போனும் மற்றவையும் 1,000. கூட்டினால் 25,000 ரூபாய்.

25,000-ஐ 8 ரூபாய் 10 பைசாவால் வகுத்தால் ஏறக்குறைய 3,090 பாக்கெட். தினம் 103. அதற்குக் கீழே போனால் நட்டம், மேலே போனால் லாபம். பிரேக் ஈவன் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். கவனியுங்கள், மனக்கணக்கில் 60,000 ரூபாய் லாபம் தந்த அதே 100 பாக்கெட்டில், உண்மையில் கடையின் மாதச் செலவுகூட முழுதாகத் தேறவில்லை.

இதிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து அரிசி கழுவுகிற அந்தப் பெண்மணிக்குச் சம்பளம் எங்கே? பெரும்பாலான குடும்பத் தொழில்களின் கணக்கில் நடத்துகிறவரின் உழைப்புக்கு விலையே போடப்படுவதில்லை. ஆனால் வீட்டில் மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து எதுவும் நிற்காது. அந்தப் பணம் கடைசியில் கல்லாவிலிருந்துதான் எடுக்கப்படும். எடுத்தது எழுதப்படாமல் போகும்போதுதான் “வியாபாரம் நல்லாத்தான் போகுது, பணம் மட்டும் நிக்கமாட்டேங்குது” என்ற புலம்பல் தொடங்குகிறது. எனவே வீட்டுக்கு இந்தத் தொழிலிலிருந்து மாதம் 15,000 வேண்டும் என்றால் அதையும் மாதச் செலவில் எழுதுங்கள். 25,000 இப்போது 40,000 ஆகிறது. அதை 8 ரூபாய் 10 பைசாவால் வகுத்தால் மாதம் சுமார் 4,940 பாக்கெட், தினம் 165.

ஆக இரண்டு எண்கள் கிடைத்துவிட்டன. 103-ல் கடை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். 165-ல்தான் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளும். சேமிப்பை எடுப்பதற்கு முன் இரண்டாவது எண்ணைத்தான் இலக்காக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் எண்ணைத் தொட்டவுடன் பிழைத்துவிட்டோம் என்று நிம்மதியாகிறவர்கள்தான் அதிகம்.

165 பாக்கெட் என்பது எட்டக்கூடியதா? ஒரு நாளுக்கு சுமார் 69 கிலோ அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும். நீங்கள் விலை பேசியிருக்கும் டில்டிங் கிரைண்டர் ஒரு தடவைக்கு எவ்வளவு எடுக்கும், எத்தனை நிமிடம் ஓடும் என்று கேட்டு, எத்தனை மணி நேரம் அரைக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிடுங்கள். ஒரு நாளுக்குள் முடியாத அளவு வந்தால், கணக்கில் இன்னொரு மெஷினும் இன்னொரு ஆளும் ஏறும், பிரேக் ஈவனும் மேலே போகும். அடுத்தது கடைகள். ஒரு கடையில் தினம் 8 பாக்கெட் போகும் என்றால் 165-க்கு இருபது கடைகளுக்கு மேல் வேண்டும். விடிந்து எட்டு மணிக்குள் ஒரு வண்டியில் இருபது கடை சுற்ற முடியுமா என்று ஒரு காலையில் வெறும் வண்டியோடு சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைக்காரரிடம் போய் “மாவு போட்டா எடுத்துக்குவீங்களா?” என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். அவருக்கு அதில் நட்டம் எதுவும் இல்லையே. கேட்க வேண்டியது வேறு.

“அண்ணாச்சி, இப்ப தினம் எத்தனை பாக்கெட் மாவு போகுது?”

“பதினஞ்சு போடுறாங்கம்மா.”

“அதுல திரும்புறது எத்தனை?”

“மூணு நாலு திரும்பும். ஞாயித்துக்கிழமை பத்தாது.”

“பணம் எப்பக் குடுப்பீங்க?”

“அவங்களுக்கு மாசம் ஒருக்கா கணக்கு முடிக்கிறோம். உனக்கும் அப்படித்தான்.”

இந்த மூன்று பதில்களும் தங்கத்துக்குச் சமம். ஏற்கெனவே ஒருவர் போட்டுக்கொண்டிருக்கும் கடையில் பதினைந்தும் நமக்கு வராது, நாலோ ஐந்தோதான் தொடக்கத்தில் வரும். நாலில் ஒரு பங்கு திரும்புகிற கடை நமக்கு வேண்டாம், அல்லது குறைவாகப் போட வேண்டும். மூன்றாவது பதில்தான் நம்மை இரண்டாவது கணக்குக்குக் கொண்டுபோகிறது.

பிரேக் ஈவன் கணக்கு தொழில் தேறுமா என்று சொல்லும். அது தேறும் வரை கையில் பணம் இருக்குமா என்று சொல்லாது. அதற்கு மூன்று மாத ரொக்கக் கணக்கு தனியே வேண்டும். இதில் விற்றது, லாபம் என்ற பேச்சே கிடையாது. எந்த மாதம் கைக்கு எவ்வளவு வந்தது, கையை விட்டு எவ்வளவு போனது, அவ்வளவுதான்.

கதவைத் திறப்பதற்கு முன் போகிற பணத்தை முதலில் எழுதுவோம். கடை வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நம் ஊர்களில் வழக்கம், 80,000. கிரைண்டர்கள் 60,000. குளிர்பெட்டி 30,000. பாத்திரம், ட்ரம், தராசு, கவர் ஒட்டும் மெஷின் 15,000. வயரிங், குழாய், தரை வேலை 15,000. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, லேபிள் அச்சு, மொத்தமாக வாங்க வேண்டிய கவர் ரோல் 10,000. கூட்டினால் 2,10,000. மூன்று லட்சத்தில் மீதம் 90,000.

அந்தப் பெண்மணிக்கு இது தெம்பாகத்தான் இருக்கும். மாதச் செலவு 25,000 என்றால் மூன்று மாதத்துக்கு 75,000, இன்னும் 15,000 மிச்சம் என்று நினைப்பார். மாதம் மாதமாக நடந்து பார்ப்போம்.

முதல் மாதம் தினம் 50 பாக்கெட், இரண்டாவது மாதம் 90, மூன்றாவது மாதம் 130 என்று வியாபாரம் ஏறுகிறது என்று வைப்போம். இது மெதுவான ஏற்றம் இல்லை, நல்ல ஏற்றம்தான். எந்தக் கடையில் எவ்வளவு போகும் என்று பிடிபடும் வரை முதல் இரண்டு மாதம் ரிட்டன் 10 சதவீதம், பிறகு 5. விற்ற பணத்தில் பாதி உடனே வருகிறது, மீதிப் பாதி அண்ணாச்சி சொன்னபடி அடுத்த மாதம் வருகிறது.

முதல் மாதம் 1,500 பாக்கெட் அரைக்க 42,000 ரூபாய். மாதச் செலவு, வீட்டுச் செலவு சேர்த்து 40,000. அரிசியும் உளுந்தும் மூட்டையாகக் கொஞ்சம் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், அதற்கு 12,000. ஆகக் கையை விட்டுப் போனது 94,000. விற்றது 1,350 பாக்கெட், 51,300 ரூபாய்க்கு. அதில் இந்த மாதம் கைக்கு வந்தது பாதி, 25,650. துண்டு விழுந்தது 68,350. 90,000-ல் மீதம் 21,650.

இரண்டாவது மாதம் 2,700 பாக்கெட்டுக்கு 75,600, அதோடு 40,000. போனது 1,15,600. விற்பனை 92,340, அதில் பாதி 46,170, போன மாதப் பாக்கி 25,650. வந்தது 71,820. துண்டு 43,780. கையில் இருந்ததோ 21,650. அதாவது இரண்டாவது மாதத்தின் நடுவிலேயே பணம் தீர்ந்துவிடுகிறது. வியாபாரம் மோசமாகப் போனதால் இல்லை. ஏறக்குறைய இரட்டிப்பான மாதம் அது.

எப்படியோ புரட்டி மூன்றாவது மாதத்துக்குள் போய்விட்டார் என்றே வைப்போம். 3,900 பாக்கெட்டுக்கு 1,09,200, கூட 40,000. போனது 1,49,200. விற்பனை 1,40,790, அதில் பாதி 70,395. பழைய பாக்கி 46,170. வந்தது 1,16,565. துண்டு 32,635.

மூன்று மாதத் துண்டையும் கூட்டினால் 1,44,765. தொடக்கச் செலவோடு சேர்த்தால் தேவை ஏறக்குறைய 3,55,000. எதிர்பாராத செலவுக்கு என்று ஒரு ரூபாய்கூட இதில் வைக்கவில்லை. கையில் இருப்பதோ 3 லட்சம்.

மூன்றாவது மாதத்தை இன்னொரு முறை உற்றுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். தினம் 130 பாக்கெட் என்பது கடையின் பிரேக் ஈவனான 103-ஐத் தாண்டிவிட்டது. விற்பனை 1,40,790-ல் அடக்கம் 1,09,200-ஐக் கழித்தால் 31,590 நிற்கிறது. மாதச் செலவு 25,000 போக 6,590 ரூபாய் லாபம். லாபம் வந்த அதே மாதத்தில் கையிலிருந்து 32,635 குறைந்திருக்கிறது. எங்கே போனது? வீட்டுக்கு 15,000 எடுத்ததில் லாபத்தைக் கழித்தால் 8,410 பற்றாக்குறை. மற்ற 24,225 ரூபாய் கடைகளின் பாக்கி நோட்டில் கூடுதலாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. போன மாதக் கடைசியில் 46,170 ஆக இருந்த பாக்கி, இந்த மாதக் கடைசியில் 70,395 ஆகிவிட்டது. வியாபாரம் வளர வளரக் கடன் பாக்கியும் வளரும். அரிசிக்காரருக்கு ரொக்கம் கொடுத்துவிட்டு, விற்ற பணத்துக்கு ஒரு மாதம் காத்திருக்கிற எந்தத் தொழிலிலும் இதுதான் நடக்கும்.

இதனால்தான் பணம் குறைகிறதே என்று மட்டும் பார்த்துப் பயப்படுவதும் தவறு, பயப்படாமல் இருப்பதும் தவறு. எதனால் குறைகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வியாபாரம் 130-லேயே நின்றால் நாலாவது மாதம் துண்டு 8,410-ஆகச் சுருங்கிவிடும். ஏனென்றால் பாக்கி அதற்குமேல் கூடாது, பழைய பாக்கி வரும் அளவுக்குத்தான் புதுப் பாக்கியும் நிற்கும். 165-ஐ எட்டினால் அதுவும் நின்றுவிடும். இப்போது வேறு ஒரு பாதையைப் பாருங்கள். மூன்றாவது மாதமும் 90 பாக்கெட்டிலேயே, 10 சதவீத ரிட்டனோடு நின்றுவிட்டது என்றால் அந்த மாதத் துண்டு 23,260 மட்டும்தான். 130 போன மாதத்தை விடக் குறைவு. பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் இந்த 23,260 நாலாவது மாதமும் போகும், ஐந்தாவது மாதமும் போகும். முதலாவதில் பணம் கடைகளிடம் நிற்கிறது, வசூலித்தால் திரும்பும். இரண்டாவதில் பணம் செலவாகிக் கரைந்துவிட்டது.

இரண்டையும் பிரித்துக்காட்ட ஒரு நோட்டு போதும். வாரக் கடைசியில் மூன்று எண்கள் எழுதுங்கள்: கையிலும் வங்கியிலும் உள்ள ரொக்கம், கடைகளின் மொத்தப் பாக்கி, இருப்பில் உள்ள சரக்கின் மதிப்பு. மூன்றையும் கூட்டுங்கள். ரொக்கம் குறைந்தும் கூட்டுத்தொகை ஓரளவு நிலையாக இருந்தால் வசூலை முடுக்க வேண்டிய நேரம். கூட்டுத்தொகையே வாராவாரம் இறங்கினால் வசூல் செய்து எதுவும் ஆகப்போவதில்லை. விலையோ, ரிட்டனோ, மாதச் செலவோ மாற வேண்டும். பாக்கியை எழுதும்போது இரண்டு மாதத்துக்கு மேல் வராமல் இழுக்கிற கடையின் பாக்கியை அந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள்.

துண்டைக் குறைக்க முடியாதா? முடியும். அதில் பெரிய வேலை செய்வது கடன் நிபந்தனைதான். விற்பனையில் பாதிக்குப் பதில் கால் பங்கு மட்டும் கடன் என்றால் மூன்று மாதத் துண்டு 1,44,765-லிருந்து சுமார் 1,10,000 ஆகிவிடும். முழுதும் ரொக்கம் என்றால் 75,000-க்குள் வந்துவிடும். ஒரு பாக்கெட் கூடக் கூடுதலாக விற்காமல், ஒரு ரூபாய் விலை ஏற்றாமல் கிடைக்கிற பணம் இது. நேற்றுப் போட்ட சரக்குக்குப் பணம் கொடுத்தால்தான் இன்று சரக்கு என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். மாதக் கணக்கில் பழகிய கடையை நடுவில் தினக் கணக்குக்கு மாற்றுவது மிகவும் கடினம். ரொக்கத்துக்குப் பாக்கெட்டுக்கு 50 பைசா குறைத்துக் கொடுப்பது பல நேரம் லாபம்தான், ஆனால் அந்த 50 பைசாவையும் 8 ரூபாய் 10 பைசாவில் கழித்து பிரேக் ஈவனைத் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகு. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் இடம் கிடைத்தால் பெருமையாக இருக்கும். அவர்கள் எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்று தெரியாமல் அந்தப் பெருமையை வாங்கிவிட வேண்டாம்.

துண்டை அடைக்கத் தண்டல் பணம் வாங்குவது என்ன செய்யும் என்பதையும் பாக்கெட் கணக்கில் சொல்லிவிட வேண்டும். பத்தாயிரம் என்று பேசி, வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 50,000-க்குப் பேசினால் தினம் 500 ரூபாய். ஒரு பாக்கெட்டுக்கு 8 ரூபாய் 10 பைசா நிற்கும் தொழிலில் 500 ரூபாய்க்குத் தினம் 62 பாக்கெட் கூடுதலாகப் போக வேண்டும். 165 என்பது அந்த நூறு நாளுக்கு 227 ஆகிவிடுகிறது. ஏற்கெனவே 90-ல் தடுமாறுகிற கடை அது. தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்துக்குக் கை நீளுகிற இடம் இன்றும் பல ஊர்களில் இதுவாகத்தான் இருக்கிறது. அந்த அவசரம் வராமல் பார்ப்பதுதான் மூன்று மாதக் கணக்கின் வேலையே.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அந்தப் பெண்மணி என்ன செய்யலாம்? யோசனையையே விட்டுவிட வேண்டியதில்லை. 2,10,000-ஐ முதல் நாளே இறக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அதில் 80,000 அட்வான்ஸ், 30,000 குளிர்பெட்டி, இரண்டாவது கிரைண்டர் எல்லாம் 130, 165 பாக்கெட்டுக்காகத் தேவைப்படுபவை. 60 பாக்கெட்டுக்குத் தேவையில்லை. பழைய கிரைண்டர் ஒன்று 25,000, பாத்திரம், தராசு, கவர் மெஷின் 15,000, வயரிங் 10,000, பதிவும் லேபிளும் 10,000 என்று 60,000-ல் வீட்டிலேயே தொடங்கலாம். உணவுத் தொழிலுக்கான பதிவு வீட்டில் செய்தாலும் வேண்டும். வீட்டு மின் இணைப்பில் வியாபாரத்துக்கு அரைத்தால் அபராதம் வரும், எனவே மின்வாரிய அலுவலகத்தில் எந்தக் கட்டணப் பிரிவு என்று கேட்டு மாற்றிக்கொண்டுதான் மெஷினை ஓட்ட வேண்டும்.

தெருவுக்குள்ளும் ரொக்கம் கொடுக்கிற ஏழெட்டுக் கடைகளுக்கும் தினம் 60 பாக்கெட். வாடகையும் ஆள் சம்பளமும் இல்லாததால் பெட்ரோல், பழுது, சில்லறைக்கு மாதம் 5,000 போதும். ரிட்டன் 5 சதவீதத்தில் நின்றால் 1,800 பாக்கெட்டில் நிற்பது 14,580, செலவு போக 9,580. வீட்டுக்கு வேண்டிய 15,000 இதில் வராது, மாதம் 5,420 சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். 60-ஐ எட்டும் வரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்க வேண்டும். அப்படியும் மூன்று மாத முடிவில் சேமிப்பில் இரண்டு லட்சத்துக்கு மேல் மிஞ்சும். மாவு உண்மையில் எவ்வளவு காண்கிறது, வெயில் நாளில் எத்தனை திரும்புகிறது, எந்த அண்ணாச்சி சொன்ன நாளில் பணம் தருகிறார் என்ற மூன்றும் சொந்த நோட்டில் இருக்கும். கடை பிடிப்பதா என்ற கணக்கை அப்போது ஊகங்களை வைத்துப் போட வேண்டியதில்லை, அந்த நோட்டிலிருந்தே போடலாம்.

கடை பிடிக்கும் நாளில் இன்னும் ஒரு வரியை எழுதி, வீட்டில் இன்னொருவரிடம் படித்துக் காட்டிவிடுவது அவசியம்: எந்த நிலை வந்தால் நிறுத்துவது. பெரிய கடையாகவே தொடங்கி இரண்டாவது மாத முடிவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மேலே உள்ள எண்களிலேயே பார்க்கலாம். அதுவரை போனது 3,22,000. திரும்பக் கூடியது: அட்வான்ஸ் 80,000, மெஷினும் குளிர்பெட்டியும் பாதி விலைக்கு 45,000, கடைப் பாக்கி 46,000-ல் 40,000, சரக்கு 10,000, ஆக 1,75,000. போனது போனதுதான் என்பது 1,47,000, அதில் 30,000 வீட்டில் சாப்பிட்டது. இந்தத் தொகையைக் கதவைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டு, “எட்டாவது வாரம் தினம் 80 பாக்கெட் விற்காவிட்டால், அல்லது கையில் ரொக்கம் 40,000-க்குக் கீழே போனால் நிறுத்துகிறோம்” என்று தேதியோடு எழுதிவைத்தால், அந்த வாரம் வரும்போது நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவதா என்ற பேச்சு வீட்டில் எழாது. வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்புக்கு அட்வான்ஸ் திரும்பும் என்ற வரியைக் கையெழுத்துப் போடும் முன் படித்தால்தான், அந்த 80,000-ஐத் திரும்பக் கூடிய கணக்கில் எழுதவே முடியும்.